நூறு டப்பா முறுக்கு

தீபாவளிக்கு மறுநாள் ஒரு டப்பா முறுக்கின் விலை என்ன? முதல் நாள் மாலைவரை இருபது ரிங்கிட் கொடுத்து வாங்கிப் போனார்கள். மறுநாள் காலையிலும் அதே மொறுமொறுப்பு இருக்கிறது, அதே எள், அதே ஓமத்தின் மணம். கேட்பவர்தான் இல்லை. ஒவ்வொரு வீட்டு மேசையிலும் நான்கைந்து டப்பாக்கள் ஏற்கெனவே திறந்து கிடக்கின்றன. பொருள் கெடவில்லை. அதற்கு விலை கொடுத்த நாள் கடந்துபோய்விட்டது. பண்டிகையை நம்பித் தொழில் செய்ய நினைக்கும் எவரும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான். நாம் பொருளை மட்டும் விற்பதில்லை, அதோடு சேர்த்து ஒரு தேதியையும் விற்கிறோம். தேதி விலகிக்கொண்டபின் தனியே நிற்கும் பொருளுக்கு அடக்க விலைகூடத் தேறுவதில்லை.

அதனால்தான் கையில் அதிகச் சரக்கு தங்காத, போட்ட பணம் சில வாரங்களில் திரும்பும் தொழில் எது என்று பலரும் தேடுகிறார்கள். காஜாங்கில் அந்தக் கேள்விக்கு நமக்குப் பழகிய ஒரு விடை உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தீபாவளிக்கு முன்னால் கடைகள் தெருவை நிறைக்கும். பத்துமலையிலிருந்து கே.எல். சென்ட்ரல் வழியாக வரும் அதே கொமுட்டர் தடத்தில்தான் காஜாங்கும் இருக்கிறது. எனவே சேலைக்கும் வளையலுக்கும் நம்மவர் ரயிலேறிவிடுவார்கள். பலகாரத்துக்கு மட்டும் பக்கத்துத் தாமானில் கைப்பக்குவம் தெரிந்த ஓர் அக்காவைத் தேடுவார்கள். ஆர்டர் வாங்கி, முன்பணம் பெற்று, சொன்ன எண்ணிக்கைக்கு மட்டும் சுட்டுக் கொடுக்கும் அந்த வீட்டு அடுப்படியை எடுத்துக்கொண்டு, சரக்கு ஆபத்து என்று நாம் சொல்வது உண்மையில் எங்கே இருக்கிறது என்று சற்று ஆழ்ந்து பார்க்கலாம்.

இந்தப் பலகாரம் எப்போதும் விலைப்பொருளாக இருந்ததில்லை. காஜாங்கைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில், லயத்து வீடுகளில் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துப் போய்ச் சுட்டார்கள். ஒருவர் மாவு பிசைய, இன்னொருவர் பிழிய, மூன்றாமவர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வார். இன்று உன் வீட்டில் நான் உட்கார்ந்தால் நாளை என் வீட்டில் நீ உட்கார்வாய். அங்கே ஓடிய நாணயம் உழைப்பு நேரம். பிராங் புசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. அங்கிருந்த குடும்பங்களில் பல டிங்கிலின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. வேறு தோட்டங்களும் வீடமைப்புத் திட்டங்களாயின. லயம் கலைந்தபோது அந்த முறைவைப்பும் கலைந்தது. அலுவலகம் முடிந்து எம்.ஆர்.டி.யில் நின்றுகொண்டே வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு முறுக்குச் சுடத் தெரியாமல் இல்லை. சுடுவதற்கான மாலை நேரம்தான் அவளிடம் இல்லை. அவள் டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் அரிசி மாவுக்கும் எண்ணெய்க்கும் போவது பாதிக்கும் குறைவு. மிச்சத்துக்கு அவள் வாங்குவது இன்னொருத்தியின் நேரத்தை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசி மாவு, அதற்குக் கால் கிலோ வறுத்து அரைத்த உளுந்து மாவு, நூறு கிராம் வெண்ணெய், எள்ளும் ஓமமும் உப்பும். சுட்டு எடுத்தால் மாவிலிருந்த நீர் ஆவியாகிப் போய், அந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் ஏறி, உடைந்தது உதிர்ந்தது போக ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தேறும். பாலாங் என்று நாம் சொல்லும், சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ வீதம் அடைத்தால் மூன்று டப்பா. மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்து ஒரு டப்பாவின் அடக்கம் 8 ரிங்கிட், விற்பது 20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

அடுத்தது சட்டி. நடுத்தரமான ஒரு வாணலியில் ஓர் ஈட்டுக்கு ஐந்தாறு முறுக்கு போடலாம். ஓர் ஈடு வேக ஐந்து, ஆறு நிமிடம். பிழிவது, எடுப்பது, எண்ணெய் மீண்டும் காய்வது எல்லாம் சேர்ந்து, ஒரு சட்டியில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டப்பாதான் உருவாகும். முறுக்கை எப்போது வேண்டுமானாலும் சுட்டு வைத்துவிட முடியாது. காற்றுப்புகாமல் அடைத்தால் மூன்று வாரம் தாங்கும் என்றாலும், வாங்குபவர் வீட்டிலும் அது பல நாள் இருக்க வேண்டும். ஆகவே தீபாவளிக்கு முந்திய பதினான்கு நாட்கள்தான் சுடுவதற்கான காலம். பகலில் வேறு வேலை பார்ப்பவருக்கு அதில் பத்து வேலைநாள் மாலைகள், மாலைக்கு மூன்று மணி நேரம். நான்கு வார இறுதி நாட்கள், நாளுக்கு ஏழு மணி நேரம். கூட்டினால் 58 மணி நேரம். இரண்டால் பெருக்கினால் 116 டப்பா. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், எரிவாயு தீரும், ஒரு மாலை மின்சாரம் போகும். அதற்கெல்லாம் இடம் விட்டால், நூறு.

நூறு டப்பாவும் ஆர்டரின் பேரில் போனால் 2,000 ரிங்கிட் வரவு, 800 ரிங்கிட் செலவு, 1,200 ரிங்கிட் மிச்சம். சாமான் வாங்க, அடைக்க, புலனத்தில் பதில் எழுத, கொண்டுபோய்க் கொடுக்க இன்னும் இருபது மணி நேரம் சேர்த்தால், 78 மணி நேரத்துக்கு மணிக்குப் பதினைந்து ரிங்கிட்டுக்குச் சற்று மேல். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தால் 8 ரிங்கிட் 17 சென் வருகிறது. அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு மூன்று வாரத்தில் கைக்கு வரும் பணம், ஒரு பொருளும் தங்காத கணக்கு. வணிகப் பதிவு, டைபாய்டு ஊசி, உணவு கையாள்வோர் பயிற்சி ஆகியவை நாம் அறிந்தவைதான். அவற்றின் செலவும் இந்தக் கணக்கைப் பெரிதாகக் குலைப்பதில்லை.

இதே நூறு டப்பாவை ஆர்டர் இல்லாமல் சுட்டுச் சந்தையில் கடை போட்டிருந்தால்? எழுபது விற்று முப்பது தங்கியது என்று வைப்போம். வரவு 1,400, செலவு அதே 800. மிச்சம் 600, அதிலும் கடை வாடகை போக வேண்டும். பத்தில் மூன்று தங்கியதற்கு ஆதாயத்தில் பாதி போய்விடுகிறது. கடைசி டப்பாக்களில்தான் ஆதாயம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தாலன்றி மனம் ஒப்புவதில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது விற்றது தெரியும், மேசைக்கு அடியில் இருப்பது தெரியாது.

ஆனாலும் ஆர்டருக்கு மேல் ஒன்றுகூடச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட முடியுமா? பத்து டப்பாவுக்கு அடக்கம் 80 ரிங்கிட். நான்கு விற்றாலே அந்த 80 ரிங்கிட் திரும்பிவிடும். ஆகவே கூடுதலாகச் செய்வதில் பத்துக்கு நான்கு போகும் என்ற நம்பிக்கை இருந்தால் நட்டமில்லை என்று கணக்குச் சொல்கிறது. அதே கணக்கைச் சேலைக்குப் போடுங்கள். 160 ரிங்கிட்டுக்கு எடுத்து 200 ரிங்கிட்டுக்கு விற்பவர், பத்தில் எட்டு விற்ற பிறகுதான் மூச்சு விட முடியும். ஆதாயம் மெலிந்த பொருளை ஆர்டர் இல்லாமல் தொடவே கூடாது. அடக்கம் குறைந்த பொருளில் கொஞ்சம் துணியலாம். கடைவீதியில் பழகியவர்கள் இதை எழுதிப் பார்க்காமலே அறிந்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எட்டு ரிங்கிட்டில் சுடுபவரின் கைக்கூலி சேரவில்லை. அதைக் குறைந்தபட்சச் சம்பள விகிதத்தில் சேர்த்தால் ஒரு டப்பாவின் அடக்கம் 14 ரிங்கிட்டைத் தாண்டும். அப்போது பத்தில் நான்கு போதாது, ஏழுக்கு மேல் விற்க வேண்டும். தம் நேரத்துக்கு விலை இல்லை என்று நினைப்பவர்தான் கூசாமல் கூடுதலாகச் சுடுகிறார். தங்கிப்போன டப்பாவில் மாவும் எண்ணெயும் மட்டும் வீணாவதாக அவருக்குத் தோன்றுகிறது. பின்னிரவுவரை நின்ற கால்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

முன்பணத்துக்கு வருவோம். டப்பாவுக்குப் பத்து ரிங்கிட் முன்பணம் என்று வைத்தால் அது அடக்கத்துக்கு மேல் இரண்டு ரிங்கிட். நூறு ஆர்டருக்கு ஆயிரம் ரிங்கிட் கைக்கு வந்துவிடும். சாமான் வாங்கக் கடன் வேண்டாம். யாராவது டப்பாவை எடுக்க வராமல் போனாலும் போட்டது போகாது. முன்பணம் அடக்கத்துக்குக் குறையக் கூடாது என்ற இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டவருக்குச் சரக்கு ஆபத்து ஏறக்குறைய இல்லாமலே போகிறது. இவ்வளவு எளிய விதியை நம்மில் பலரால் ஏன் கடைப்பிடிக்க முடிவதில்லை? வாடிக்கையாளர் உறவினராக இருக்கிறார், கோயிலில் பார்ப்பவராக, பிள்ளையின் தமிழ்ப்பள்ளியில் உடன் படிக்கும் பிள்ளையின் தாயாக இருக்கிறார். "என்னக்கா, எங்கிட்டயும் முன்பணம் கேக்குறீங்களா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால் போதும், நாக்கு மடங்கிவிடும். வாய்ச்சொல்லாகப் பத்து டப்பா சொன்னவர் தீபாவளிக்கு முந்தின நாள் வந்து ஆறு போதும் என்பார். அவர்மேல் குற்றமில்லை. நாத்தனார் நான்கு டப்பா கொடுத்துவிட்டிருப்பார். சொன்ன சொல்லுக்கு எடை ஏற்றும் ஏற்பாடு எதுவும் இல்லாதபோது சொல் காற்றில்தான் நிற்கும்.

முன்பணம் கேட்பது நம்பாமையின் அடையாளம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நெருங்கிப் பார்த்தால் அது இருவரையும் கட்டுகிறது. முன்பணத்தை வாங்கியவர்தான் கூடுதலாகக் கட்டுண்டவர். அந்த ஆயிரம் ரிங்கிட் கையில் இருந்தாலும் அது அவருடையதாகவில்லை. நூறு டப்பாவுக்கு அவர் பட்டிருக்கும் கடன் அது. தம் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க அதிலிருந்து நூறு ரிங்கிட்டை எடுத்தவர், எண்ணெய் வாங்கும் நாளில் அந்த நூறைத் தேடி அலைவார். அல்லது மலிந்த எண்ணெயை வாங்குவார், சுட்ட எண்ணெயிலேயே மறுபடி சுடுவார். பத்தாம் நாள் டப்பாவைத் திறக்கும்போது எழும் காறல் வாடை அடுப்பிலிருந்து வந்ததாகத்தான் தோன்றும். அது பணப்பையிலிருந்து தொடங்கியது.

நாட்காட்டியும் இந்தக் கணக்கில் ஒரு பங்காளி. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவருக்கு அதற்கு முன் கிடைத்தது செப்டம்பர் மாதச் சம்பளம்தான். ஆர்டர்களைச் செப்டம்பர் இறுதிக்குள் திறந்து வைத்தவருக்கு முன்பணம் தட்டில்லாமல் வந்திருக்கும். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் கேட்டவருக்குச் சம்பளம் வரட்டும் என்ற பதில்தான் கிடைத்திருக்கும். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அக்டோபர்ச் சம்பளம் அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் வரும். பணம் கைக்கு வந்த கடைசி வாரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கேட்பார்கள், அப்போது சட்டியில் இடம் இருக்காது. பண்டிகையின் தேதி எல்லாருக்கும் ஒன்றுதான். வாங்குபவரின் கைக்குப் பணம் வரும் நாளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியோ ஆண்டுதோறும் மாறுகிறது. அந்த இரண்டு நாட்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதுதான் பருவத் தொழிலின் பாதி அறிவு.

திருமணத்தை நம்பிய தொழில் இதற்கு நேர்மாறான முகம் கொண்டது. சீர்வரிசைத் தட்டுகளை அலங்கரித்து வாடகைக்குக் கொடுப்பவரை நினைத்துப் பார்ப்போம். பதினோரு தட்டு கொண்ட ஒரு தொகுதிக்கு அறுநூறு ரிங்கிட் போட்டு, பூச்செலவு போக ஒரு திருமணத்துக்கு 150 ரிங்கிட் வாடகை வாங்கினால் நான்காவது திருமணத்தோடு முதல் திரும்பிவிடும். தட்டு தின்று தீர்வதில்லை, தேதி கடந்தும் செத்துப்போவதில்லை, திங்கட்கிழமை வீட்டுக்குத் திரும்பி வருகிறது. இதைவிடப் பத்திரமான சரக்கு உண்டா என்று தோன்றும். ஆனால் முகூர்த்த நாள் எல்லாருக்கும் ஒரே நாளாக அமைகிறது. அதிலும் வேலைக்குப் போகும் நம் ஊரில் சனி, ஞாயிறாகப் பார்த்து அமைகிறது. ஆடியிலும் மார்கழியிலும் தட்டுகள் அலமாரியில் தூங்கும். தையில் ஒரே ஞாயிற்றுக்கு மூன்று வீட்டார் கேட்பார்கள். அந்த ஒரு ஞாயிற்றுக்காக இரண்டாவது, மூன்றாவது தொகுதி வாங்கத் தோன்றும் கணத்தில்தான், வாசலில் விட்டு வந்ததாக நாம் நினைத்திருந்த சரக்கு ஆபத்து பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

பண்டிகைத் தொழிலுக்கும் திருமணத் தொழிலுக்கும் உள்ள வேறுபாட்டை 2020 வேறு விதமாகக் காட்டியது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் திருமணத் தேதிகள் தள்ளிப்போயின. முன்பணம் வாங்கியவர்கள் அதைத் திருப்புவதா, புதிய தேதிக்கு வைத்துக்கொள்வதா என்று கலங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 14 முதல் சிலாங்கூரில் மீண்டும் கட்டுப்பாடு. ஆனால் தீபாவளி நவம்பர் 14இல் வந்தே தீர்ந்தது. கூட்டம் கூடுவது நின்றாலும் வீடுகளில் விளக்கு ஏற்றுவதும் பலகாரம் வைப்பதும் நிற்கவில்லை. திருமணத்தில் வாங்குபவர் யார் என்பது உறுதி, நாள் நகரக்கூடும். பண்டிகையில் நாள் உறுதி, வாங்குபவர் யார் என்பது கடைசிவரை தெரியாது. ஒன்றில் முன்பணத்தோடு, நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மற்றதில் முன்பணமே அந்தத் தெரியாத முகத்துக்குப் பெயர் கொடுக்கிறது.

இனி நூற்றொன்றாவது ஆர்டர். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது வரும். கேட்பவர் வேண்டியவராக இருப்பார், முழுப் பணத்தையும் உடனே அனுப்பத் தயாராக இருப்பார். முன்பணம், அடக்கம், ஆதாயம் என்று நாம் இதுவரை பார்த்த எந்தக் கணக்கும் அதை மறுக்கச் சொல்லவில்லை. சட்டி மட்டும்தான் மறுக்கச் சொல்கிறது. ஏற்றுக்கொண்டவர் என்ன செய்வார்? ஆறு போடும் இடத்தில் ஒன்பது போடுவார். குளிர்ந்த மாவு ஒரே நேரத்தில் அத்தனை இறங்கும்போது எண்ணெயின் சூடு தாழ்கிறது. சூடு தாழ்ந்தால் மேல்பரப்பு உடனே இறுகாமல், உள்ளிருக்கும் நீர் முழுவதும் வெளியேறாமல், எண்ணெய் உள்ளே ஏறிக்கொள்கிறது. சலசலப்பு அடங்குவதற்குள் எடுத்துவிட்டால் நடுவில் ஈரம் தங்கும். ஆறவைக்க நேரமில்லாமல் வெதுவெதுப்போடு டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறத்தில் நீர் பூக்கும். அக்டோபர், நவம்பர் மாலைகளில் காஜாங்கில் பெய்யும் மழையின் ஈரக்காற்று மீதி வேலையைச் செய்யும். கொடுத்த அன்று யாருக்கும் தெரியாது. நான்காம் நாள் நமுத்துப்போகும், பத்தாம் நாள் எண்ணெய் வாடை அடிக்கும். கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு நாளும் சுட்டதில் ஒரு கை அள்ளிச் சிறு டப்பாவில் தேதி போட்டு எடுத்துவைத்து, சில நாள் கழித்துக் கடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். எந்த நாளில் தம் கை அவசரப்பட்டது என்பதை அந்தச் சிறு டப்பா சொல்லிவிடும்.

இங்கே வந்து நிற்கும்போது, சரக்கில்லாத தொழில் என்று நாம் தேடியதன் உட்பொருள் மெல்லத் தெளிகிறது. வாங்கி அடுக்கும் பொருளை நீக்கிவிட்டோம். அதோடு ஆபத்தும் நீங்கியதாக எண்ணினோம். அது இடம் மாறியிருக்கிறது. முன்பு கடையின் பின்னறையில் மூட்டைகளாக இருந்தது, இப்போது இன்னும் வராத பதினான்கு நாட்களின் மாலைகளாக இருக்கிறது. மூட்டையாவது விற்காமல் போனால் அடுத்த மாதம் அரைவிலைக்குத் தள்ளலாம், வராத நாளைக் கடனாக விற்றுவிட்டவர் அந்த நாள் வந்து நிற்கும்போது அதை இரண்டாக்க முடியாது, நேற்றிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து இன்றோடு சேர்க்கவும் முடியாது. நேரம் ஒன்றுதான் கையிருப்பில் வைக்க இயலாத பொருள் என்பதாலும், லயங்கள் கலைந்த நம் வாழ்வில் ஒருவரிடமிருந்து ஒருவர் உண்மையில் வாங்கிக்கொள்வது அந்த நேரத்தைத்தான் என்பதாலும், இத்தகைய தொழிலில் இறங்கும் ஒருவர் தம் முதலாக எண்ண வேண்டியது வங்கியில் உள்ள தொகையை விட, தம் உடல் தாங்கும் மணிகளின் எண்ணிக்கையை. அந்த எண்ணிக்கைக்கு மேல் சொல் கொடுப்பது, இல்லாத பொருளை விற்பதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதற்கு வேண்டிய மனத்திடமோ, வியாபாரத்தில் துணிவு என்று வழக்கமாகப் போற்றப்படும் குணத்தைவிட அரிதாகவும் கடினமாகவும் இருக்கிறது.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. நூறு முடிந்ததும் பட்டியல் மூடப்பட்டது என்று புலனக் குழுவில் ஒரு வரி போட்டுவிடுவது, தனித்தனியே காரணம் சொல்வதைவிட நல்லது. தனியே சொல்லப் போனால் யாருக்காவது விலக்குக் கொடுக்க நேரும். அப்படியும் கேட்பவர்களின் பெயரையும் கேட்ட எண்ணிக்கையையும் குறித்துவைக்க வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. விற்றதை எழுதுகிறார்கள், மறுத்ததை எழுதுவதில்லை. அடுத்த ஆண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு விற்ற கணக்கு விடை சொல்லாது, ஏனென்றால் அது நூறோடு நின்றுவிட்டது. உண்மையான தேவை மறுத்த பட்டியலில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் ஐந்தாறு டப்பா மட்டும் இருந்தால் இரண்டாவது சட்டி வேண்டாம். விலையை ஒரு ரிங்கிட் ஏற்றலாம், நூறு டப்பாவில் நூறு ரிங்கிட் கூடும், உழைப்பு கூடாது. எண்பது டப்பா இருந்தால் இரண்டாவது அடுப்பைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் ஒருவரே இரண்டு சட்டியைப் பார்த்தால் ஒன்று கருகும். பிழிந்து கொடுக்க, ஆறியதை அடைக்க ஒரு கை வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண் ஒருவருக்கு மணிக்குப் பத்து ரிங்கிட் கொடுத்தால் 58 மணி நேரத்துக்கு 580 ரிங்கிட். கூடுதல் எண்பது டப்பாவில் மிஞ்சுவது 960. அவருக்குக் கொடுத்தது போக 380 ரிங்கிட் நிற்கும். இரண்டு வார இரைச்சலுக்கும் பொறுப்புக்கும் அது போதுமா என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். போதாது என்று நினைத்தால் நூறோடு நின்றுகொண்டு, மேல்வரும் ஆர்டர்களை அதே தாமானில் சுடும் இன்னொருவருக்குக் கைகாட்டிவிடலாம். 2026 நவம்பர் 8க்கு நூறு டப்பா கொடுக்க எண்ணுபவர், செப்டம்பர்ச் சம்பளம் கைக்கு வரும் வாரத்திலேயே பட்டியலைத் திறந்து, அக்டோபர் 18, ஞாயிறு இரவோடு மூடிவிடலாம். முதல் ஈடு 25ஆம் தேதி சட்டியில் இறங்கும். இடையில் உள்ள வாரம் உளுந்து வறுக்கவும் மாவு அரைக்கவும் சரியாக இருக்கும்.